4 டெராபைட் டிஸ்க்கில் 2 டெராபைட் மட்டும் தெரிகிறதா? எம்பிஆர், ஜிபிடி பற்றி ஒரு வழிகாட்டி

புது 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அளவு குறைவாகக் காட்டுகிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டும் முன், அது சரியாக எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். பாதி விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. 3.63 டிபி என்று காட்டினால் ஒரு காரணம், 2 டிபி பக்கம் நின்றால் வேறு காரணம், 1.63 டிபி என்றால் மூன்றாவது காரணம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் டேட்டா போகும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு 4 டிபி டிஸ்க்கை வைத்தே பார்ப்போம். 3, 6, 8 டிபி வைத்திருப்பவர்களுக்கு எண்கள்தான் மாறும், விஷயம் இதேதான்.

முதலில் 3.63 டிபி

இது குறையே இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு டிபி என்றால் லட்சம் கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாகக் கணக்கு போடுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுத்துவிட்டு அதையும் டிபி என்றே எழுதுகிறது. அட்டைப்பெட்டியில் 4 என்று இருப்பது திரையில் 3.63 ஆவது அதனால்தான். அதே டிஸ்க்கை மேக்கில் மாட்டினால் 4 டிபி என்று காட்டும், ஏனென்றால் ஆப்பிள் ஆயிரக் கணக்குக்கு மாறிப் பல வருடமாகிறது. நீங்கள் பார்ப்பது 3.63 என்றால் முழு டிஸ்க்கும் கையில் இருக்கிறது, இங்கேயே நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

உண்மையான சிக்கல் எங்கே என்று பார்ப்பது

விண்டோஸில் This PC காட்டுவது டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் துண்டான பார்ட்டிஷனின் அளவைத்தான், டிஸ்க்கின் அளவை இல்லை. டிஸ்க்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து Disk Management திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரிசை இருக்கும். இடது ஓரத்தில் Disk 0, Disk 1 என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்கு வலப்பக்கம் பார்ட்டிஷன்கள் நீளநீளமான பெட்டிகளாக.

அந்த இடது பெட்டிதான் முக்கியம். அதில் எழுதியிருப்பது டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் அளவு. நம் 4 டிபி டிஸ்க்குக்கு அங்கே 3726.02 ஜிபி என்று இருக்க வேண்டும். இருந்தால் டிஸ்க்கும் கேபிளும் சரி, பிரச்சினை பார்ட்டிஷன்களின் கணக்கை எழுதி வைக்கும் பார்ட்டிஷன் டேபிளில். அங்கேயே 1678 ஜிபி என்று குறைவாக இருந்தால் பிரச்சினை டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பெரும்பாலானவர்களுக்குத் தெரிவது இப்படி இருக்கும்: இடது பெட்டியில் 3726.02 ஜிபி, வலப்பக்கம் 2048.00 ஜிபிக்கு ஒரு துண்டு, அதையொட்டி கறுப்புப் பட்டையோடு 1678.02 ஜிபிக்கு இன்னொரு துண்டு, அதில் Unallocated என்று எழுதியிருக்கும். சரி, காலியாகத்தானே இருக்கிறது, ஒரு பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளலாம் என்று அதை ரைட் கிளிக் செய்தால் New Simple Volume மங்கலாகக் கிடக்கும், அழுத்த முடியாது. இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தாலே டிஸ்க்கில் இருப்பது எம்பிஆர் என்ற பழைய வகை பார்ட்டிஷன் டேபிள் என்று சொல்லிவிடலாம்.

உறுதி செய்ய, இடது பெட்டியை ரைட் கிளிக் செய்து Properties, அதில் Volumes டேபைப் பாருங்கள். Partition style என்ற வரியில் Master Boot Record (MBR) அல்லது GUID Partition Table (GPT) என்று இருக்கும்.

ஏன் சரியாக 2048 ஜிபியில் நிற்கிறது

டிஸ்க்கில் டேட்டா செக்டர் என்ற சின்னத் துண்டுகளில் இருக்கிறது, ஒரு செக்டர் 512 பைட். எந்த பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்று எழுதி வைக்கும் அட்டவணைதான் பார்ட்டிஷன் டேபிள்.

எம்பிஆர் 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு, டாஸ் 2.0வில் வந்தது. அந்த எக்ஸ்டியில் இருந்த ஹார்ட் டிஸ்க் 10 எம்பி. அட்டவணை முழுவதும் டிஸ்க்கின் முதல் செக்டரிலேயே அடங்கிவிடுகிறது: 512 பைட்டில் 446 பைட் கம்ப்யூட்டரை பூட் செய்யும் குறியீட்டுக்கு, 64 பைட் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. அந்த 64 பைட்டை 16, 16 ஆகப் பிரித்து நான்கு பார்ட்டிஷன் எழுதலாம். எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாததற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை, அதற்கு மேல் எழுத அங்கே இடம் கிடையாது.

அந்த 16 பைட்டுக்குள் தொடக்க செக்டரை எழுத 4 பைட், நீளத்தை எழுத 4 பைட். 4 பைட் என்றால் 32 பிட், அதில் எழுத முடிகிற எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு:

```
2^32 = 4294967296
4294967296 x 512 = 2199023255552 பைட் = 2048 ஜிபி
```

அதாவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் செக்டர். நம் 4 டிபி டிஸ்க்கில் இருப்பது 781 கோடியே 40 லட்சம் செக்டர். மிச்சம் கிட்டத்தட்ட 352 கோடி செக்டர், அதைத்தான் 1678.02 ஜிபி என்று கறுப்புப் பட்டையில் பார்த்தீர்கள். அந்த இடம் கெட்டுப்போகவில்லை, அதன் எண்ணை எழுத அட்டவணையில் கட்டம் போதவில்லை.

2 டிபி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராததற்கும் இதே கணக்குதான் காரணம். அதில் இருப்பது 390 கோடியே 70 லட்சம் செக்டர், எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. கடையில் விற்கும் அளவுகளில் 3 டிபியிலிருந்துதான் இது தலைகாட்டும்.

புது டிஸ்க்கில் எம்பிஆர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இரண்டு வழி. முதல் முறை மாட்டும்போது Initialize Disk என்று ஒரு பெட்டி வந்து MBR, GPT என்று இரண்டைக் காட்டும், அப்போது MBR தேர்வாகி OK அழுந்தியிருக்கும். அல்லது பழைய 500 ஜிபி டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்திருப்பீர்கள். குளோன் செய்தால் ஃபைல்களோடு பழைய அட்டவணையும் சேர்ந்தே வரும். பிறகு பார்ட்டிஷனை Extend செய்தால் 2048 ஜிபி வரை தாராளமாக நீளும், அங்கே போய் நின்றுவிடும்.

ஜிபிடியில் என்ன மாறியது

ஜிபிடி, இன்டெல் தொடங்கி இன்று யுஇஎஃப்ஐ என்ற பெயரில் இருக்கும், பழைய பயாஸுக்குப் பதிலாக மதர்போர்டில் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் புதிய ஃபர்ம்வேர் முறையோடு வந்தது. செக்டர் எண்ணை எழுத 4 பைட்டுக்குப் பதில் 8 பைட். 64 பிட் எண்ணை வைத்து அளந்தால் இன்று விற்கும் எந்த டிஸ்க்கும் அதன் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பார்ட்டிஷனும் நான்கோடு நிற்பதில்லை, விண்டோஸில் 128 வரை போடலாம். எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் என்ற பழைய சுற்றுவழி எதுவும் தேவையில்லை.

எனக்கு அளவைவிடப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது வேறொன்று. எம்பிஆரில் அட்டவணை ஒரே பிரதி, முதல் செக்டர் கெட்டால் அட்டவணையே போச்சு. ஜிபிடியில் தொடக்கத்தில் ஒரு பிரதி, டிஸ்க்கின் கடைக்கோடியில் இன்னொரு பிரதி, இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் கூடவே இருக்கும். முன்னது கெட்டால் பின்னதை வைத்து மீட்கலாம்.

ஜிபிடி டிஸ்க்கிலும் முதல் செக்டரில் ஒரு போலி எம்பிஆர் இருக்கும். "இந்த டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன், வகை EE" என்று அதில் எழுதியிருக்கும். ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள், டிஸ்க் காலி என்று நினைத்து அதன் மேல் எழுதிவிடாமல் இருக்கத்தான் அது. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் ஜிபிடி டிஸ்க்கை மாட்டினால் GPT Protective Partition என்று மட்டும் காட்டிவிட்டு உள்ளே விடாது, அது இந்தப் போலியைப் பார்த்துத்தான்.

டிஸ்க்கில் எதுவும் இல்லையென்றால் மாற்றுவது

இது சுலபம், ஐந்து நிமிட வேலை. Disk Managementஇல் அந்த 2048 ஜிபி துண்டை ரைட் கிளிக் செய்து Delete Volume கொடுங்கள். ஃபைல்கள் போய்விடும், அதனால் காலி டிஸ்க் என்பது உறுதியான பிறகு. எல்லாத் துண்டும் நீங்கியதும் இடது சாம்பல் பெட்டியை ரைட் கிளிக் செய்தால் Convert to GPT Disk என்று இருக்கும். ஒரு பார்ட்டிஷன் மிச்சம் இருந்தாலும் அது மங்கலாகவே கிடக்கும், "எனக்கு அந்த ஆப்ஷனே வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். அதை அழுத்தியதும் இரண்டு துண்டாக இருந்த கறுப்புப் பட்டை ஒன்றாகச் சேர்ந்து 3726 ஜிபி என்று மாறும். பிறகு New Simple Volume கொடுத்து, Perform a quick format டிக்கை எடுக்காமல் Next கொடுத்துக்கொண்டே போங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதையும் எழுதிப் பார்க்கும், 4 டிபிக்கு மணிக்கணக்காகும்.

மவுஸ் வழி முரண்டு பிடித்தால் diskpart இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் இதை மட்டும்:

```
diskpart
list disk
```

இப்படி ஒரு பட்டியல் வரும்:

```
  Disk ###  Status    Size     Free     Dyn  Gpt
  Disk 0    Online    476 GB   1024 KB        *
  Disk 1    Online   3726 GB   1678 GB
```

Gpt பத்தியில் நட்சத்திரம் இருந்தால் ஜிபிடி, இல்லாவிட்டால் எம்பிஆர். மேலே Disk 0 விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி, Disk 1 நம்முடையது. எண்ணைப் பார்க்காமல் அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். இன்று Disk 1 ஆக இருப்பது ஒரு பென் டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்தால் நாளை Disk 2 ஆகலாம். அளவு தவறாமல் பொருந்தினால்தான் அடுத்தது:

```
select disk 1
clean
convert gpt
create partition primary
format fs=ntfs label=DATA quick
assign
```

clean கொடுத்ததும் "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது, எண்டர் தட்டிய நொடியில் அட்டவணை போய்விடும். அதனால்தான் list diskஇல் இவ்வளவு நேரம் நிற்கச் சொன்னேன். இணையத்தில் சில இடங்களில் clean all என்று எழுதியிருப்பார்கள், அது ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும், இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

உள்ளே ஏற்கெனவே ஃபைல்கள் இருந்தால்

நல்ல வழி ஒன்றுதான்: வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு மேலே சொன்னபடி செய்வது. டேட்டா இருக்கும் டிஸ்க்கை அழிக்காமலே எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றும் கருவிகள் உண்டு, லினக்ஸில் gdisk அந்த வேலையை நன்றாகவே செய்யும். எம்பிஆர் அட்டவணையைப் படித்து, அதே பார்ட்டிஷன்களை ஜிபிடியாக எழுதிவிடும், ஃபைல்களைத் தொடாது. நம் 4 டிபி டிஸ்க்கில் கடைசிப் பகுதி எப்படியும் காலி என்பதால் இரண்டாவது பிரதிக்கு இடமும் இருக்கிறது. இருந்தாலும் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்து, முக்கியமான ஃபைல்களையாவது வேறிடத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மாற்றிய பிறகு விண்டோஸில் அந்தத் துண்டை ரைட் கிளிக் செய்து Extend Volume கொடுத்தால் மிச்ச 1678 ஜிபியும் அதோடு சேர்ந்துவிடும்.

விண்டோஸே அந்த டிஸ்க்கிலிருந்துதான் பூட் ஆகிறது என்றால் கதை கொஞ்சம் வேறு. ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் மதர்போர்டு யுஇஎஃப்ஐ முறையில் இருக்க வேண்டும், பழைய பயாஸ் முறையில் ஆகாது. ரன் பெட்டியில் msinfo32 என்று தட்டி BIOS Mode வரியைப் பாருங்கள். Legacy என்று இருந்தால், மதர்போர்டு செட்டிங்கில் யுஇஎஃப்ஐ ஆதரவு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாற்றவே வேண்டாம். இருந்தால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் கருவி ஒன்று இருக்கிறது:

```
mbr2gpt /validate /disk:0 /allowFullOS
mbr2gpt /convert /disk:0 /allowFullOS
```

முதல் வரி சோதனை மட்டும், எதையும் மாற்றாது. அது சரி என்று சொன்னால்தான் இரண்டாவது. நான்கு பிரைமரி பார்ட்டிஷனும் நிரம்பியிருந்தால் சோதனையிலேயே நின்றுவிடும், ஏனென்றால் பூட் ஃபைல்களுக்கென்று புதிதாக ஒரு பார்ட்டிஷன் அதற்கு வேண்டும். இது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டுமான கருவி, வெறும் டேட்டா டிஸ்க்கில் ஓடாது. மாற்றி முடித்ததும் மதர்போர்டு செட்டிங்கில் Legacy அல்லது CSM என்று இருப்பதை UEFI ஆக்க வேண்டும். அதை மறந்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு "டிஸ்க் செத்துவிட்டது" என்று பதறுகிறவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, செட்டிங்கை மாற்றினால் எழுந்துவிடும்.

விண்டோஸை மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் விட்டுவிட்டு 4 டிபியை டேட்டாவுக்கு வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த பூட் தொல்லை எதுவும் இல்லை. எஸ்எஸ்டி எம்பிஆராகவே இருக்கட்டும், பெரிய டிஸ்க் ஜிபிடியாக இருக்கட்டும், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் ஒத்துப்போகும்.

1678 ஜிபி மட்டுமே தெரிந்தால்

இப்போது அந்த மூன்றாவது எண், அதாவது 1.63 டிபி. இடது சாம்பல் பெட்டியிலேயே 1678 ஜிபி என்று இருக்கிறது, Unallocated துண்டு எதையும் காணோம். இது எம்பிஆர் இல்லை, ஜிபிடிக்கு மாற்றினாலும் ஒரு ஜிபிகூட ஏறாது. பெரும்பாலும் பழைய யுஎஸ்பி அடாப்டரோ, டிஸ்க்கைப் போட்டிருக்கும் வெளிப்பெட்டியோ, பழைய ஸ்டோரேஜ் டிரைவரோ செக்டர் எண்ணிக்கையை 32 பிட்டில் கையாள்கிறது. பழைய பைக்கின் கிலோமீட்டர் முள் 99999 தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குமே, அப்படித்தான் 429 கோடி தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஓடி, மிச்சம் மட்டும் திரையில் வருகிறது. 3 டிபி டிஸ்க் என்றால் இதே கோளாறில் 746 ஜிபி என்று தெரியும், அந்த எண்ணைப் பார்த்த உடனே அடாப்டரைச் சந்தேகப்படலாம்.

சோதிக்க, டிஸ்க்கை வெளியே எடுத்து மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். 3726 என்று வந்தால் குற்றவாளி அடாப்டர்தான், புதிது வாங்கிவிடுங்கள். சாட்டாவில் மாட்டியும் குறைவாக இருந்தால் மதர்போர்டின் ஸ்டோரேஜ் டிரைவரையும் பயாஸையும் புதுப்பியுங்கள். அதுவரை அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடவோ ஃபைல் எழுதவோ வேண்டாம். தப்பான அளவை நம்பி அட்டவணை எழுதினால், ஜிபிடியின் இரண்டாவது பிரதி டிஸ்க்கின் நடுவில் போய் உட்காரும், பிறகு நல்ல அடாப்டரில் மாட்டும்போது குழப்பம்.

ஜிபிடி வேண்டாம் என்று சொல்லும் இடங்கள்

கொஞ்சம் பழைய டிவி, கார் ஸ்டீரியோ, செட் டாப் பாக்ஸ் போன்றவற்றில் சில ஜிபிடியைப் படிப்பதில்லை. டிஸ்க்கை மாட்டியதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அது கேட்பதாலேயே டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அந்த மாதிரி கருவிக்கென்றே வாங்குவதாக இருந்தால் 2 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் வைத்துக்கொள்வது வம்பில்லாத வழி.

சில வெளிப்பெட்டி டிஸ்க்குகள் 4 டிபியாக இருந்தும் எம்பிஆரிலேயே முழு அளவையும் காட்டும், இங்கே சொன்னதெல்லாம் பொய்யா என்று தோன்றும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் ஒரு செக்டர் 512 இல்லை, 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. அதே 429 கோடி செக்டர், ஒவ்வொன்றும் எட்டு மடங்கு பெரிது, ஆகவே எல்லை 16 டிபிக்குத் தள்ளிப்போகிறது. எக்ஸ்பி காலத்து ஆட்களும் பெரிய டிஸ்க்கைப் பயன்படுத்தட்டும் என்று செய்த தந்திரம். இதில் ஒரு பொறி இருக்கிறது: பெட்டி பழுதாகி, உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் எடுத்து நேரடியாக சாட்டாவில் மாட்டினால், அங்கே செக்டர் 512 என்று ஆகிவிடும், அட்டவணையில் எழுதியிருக்கும் எண்களெல்லாம் வேறு இடத்தைக் காட்டும். விண்டோஸ் RAW என்று காட்டி ஃபார்மேட் செய்யச் சொல்லும். செய்துவிடாதீர்கள். உள்ளே ஃபைல்கள் அப்படியேதான் இருக்கின்றன, அதே மாடல் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் மாட்டி, முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள், அப்புறம் சாட்டாவில் மாட்டி ஜிபிடியாகப் புதிதாக ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.